நடக்கும்போது இடிக்கிற வரி: சந்தத்துக்குக் குறில் நெடில் எண்ணுவது எப்படி?

கேள்வி (தேவகோட்டையிலிருந்து ஒரு ஆச்சி): "அண்ணே, தைப்பூச நடைக்கு எங்கள் குழுவுக்காக நானே ரெண்டு வரி எழுதினேன். 'வேலவனே உன்னை நாடி நடந்தோம், காலையில் கிளம்பிக் காடு கடந்தோம்.' எண்ணிப் பார்த்தேன், ரெண்டிலும் பதினோரு எழுத்து. உட்கார்ந்து பாடினால் சரியாக இருக்கு, நடந்துகொண்டே பாடினால் இடிக்குது. அப்புறம், பாட்டில் வேகம் கூட்டுவது எப்படி?"

ஆச்சி, உங்கள் வரியில் எதுகை அருமையாக விழுந்திருக்கிறது. வேல, கால, நடந்தோம், கடந்தோம். எண்ணிக்கையும் சரிதான், நானும் எண்ணிப் பார்த்தேன். ஒற்றெழுத்தை விட்டுவிட்டு எண்ணினால் இரண்டிலும் பதினொன்றுதான் வருகிறது. இடிப்பதற்குக் காரணம் நீங்கள் விட்ட அந்த ஒற்று.

இலக்கணத்தில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, ஒற்றுக்கு அரை என்று படித்திருப்போம். தாளத்துக்கு எழுதும்போது கணக்கு இன்னும் எளிது. தனிக் குறில் ஒன்று. நெடில் இரண்டு. குறிலுக்குப் பின்னால் ஒற்று வந்தால் அந்த இரண்டும் சேர்ந்து இரண்டு. நெடிலுக்குப் பின்னால் ஒற்று வந்தாலும் அதே இரண்டுதான், அதற்கு மேல் ஏறாது. ஐகாரம் சொல்லின் நடுவிலோ கடைசியிலோ வந்தால் குறுகிவிடும், ஒன்று என்றே வையுங்கள். 'மலை' என்பதில் இரண்டு மாத்திரைதான்.

கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்கியிருக்கிறேன், என் கை தெரியும். மேசையில் ஒரு தட்டு என்றால் ஒரு காலடி. ஒரு தட்டுக்கு நான்கு மாத்திரை. ஒரு வரிக்கு நான்கு தட்டு, ஆக பதினாறு. இப்போது உங்கள் முதல் வரி. 'வேலவ', இரண்டு, ஒன்று, ஒன்று, நான்கு வந்துவிட்டது. அடுத்த தட்டு 'னேஉன்னை'. னே இரண்டு, உன் இரண்டு, னை ஒன்று. ஐந்து! கால் தரையில் விழுந்துவிட்டது, 'னை' இன்னும் வாயில் இருக்கிறது. உட்கார்ந்து பாடும்போது அந்த ஒரு மாத்திரையைக் குரல் தானாக விழுங்கிவிடும். நடக்கும்போது கால் காத்திருக்காது. இரண்டாவது வரியில் 'காலையில்' என்ற முதல் தட்டே ஐந்து, 'கிளம்பிக்' இன்னொரு ஐந்து. மொத்தம் பார்த்தால் முதல் வரி 17, இரண்டாவது 18.

முதல் வரிக்கு ஒரே ஒரு ஒற்றை எடுத்தால் போதும். 'உன்னை' என்பதை 'உனை' ஆக்குங்கள். வேலவ, னேயுனை, நாடிந, டந்தோம். நான்கு தட்டிலும் நந்நான்கு. இதன் சந்தம் தானன தானன தானன தந்தா. திருப்புகழ் புத்தகத்தில் ஒவ்வொரு பாட்டுக்கும் மேலே தன்ன, தந்த, தான என்று ஒரு வரி இருக்குமே, அதுதான் சந்தக்குழிப்பு. நம் குன்றக்குடி முருகன் மேலும் அருணகிரிநாதர் பாடியிருக்கிறார். அடுத்த முறை அந்தப் பாட்டைப் படிக்கும்போது, சொல்லைத் தொடுவதற்கு முன்னால் மேலே இருக்கும் குழிப்பை மட்டும் தட்டிப் பாருங்கள். எழுதும்போதும் அந்த வரிசைதான், முதலில் குழிப்பு, பிறகு சொல்.

இரண்டாவது வரிக்கு முதலில் 'காலையெ ழுந்தொரு காடுக டந்தோம்' என்று போட்டுப் பார்த்தேன். பதினாறு வந்துவிட்டது. ஆனால் முதல் வரியில் இரண்டாவது தட்டு 'னேயுனை', தானன. இங்கே 'ழுந்தொரு', தந்தன. நேரம் ஒன்றுதான், ஓசை வேறு. நெடில் நீண்டு ஒலிக்கும், மெல்லொற்று மூக்கில் அதிரும். வல்லொற்று வந்து தத்தன ஆனால் வெட்டி நிறுத்தும். திருப்புகழில் தந்த வர வேண்டிய இடத்தில் தத்த வந்தால் அது பிழை. வழிநடைப் பாட்டுக்கு அவ்வளவு கறார் வேண்டாம், கால் இடறாது. ஆனாலும் இரண்டு வரியும் ஒரே வார்ப்பாக இருந்தால் புதிதாகச் சேருகிறவர்களும் உடனே பிடித்துக்கொள்வார்கள். அதனால் 'காலையி லேயொரு காடுக டந்தோம்' என்று மாற்றினேன். தானன தானன தானன தந்தா, முதல் வரியோடு அச்சாகப் பொருந்துகிறது.

சரி, வேகம். பெரும்பாலும் தாளத்தை விரட்டிவிடுகிறார்கள். குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று நாள்கணக்கில் நடக்கிற கூட்டத்தில் வயசானவர்கள் இருப்பார்கள், தாளத்தை விரட்டினால் அவர்கள் பின்தங்கிவிடுவார்கள். தட்டை அப்படியே வைத்துக்கொண்டு எழுத்தை மாற்றுங்கள். அதே பதினாறு மாத்திரையில் நெடிலும் ஒற்றும் மட்டுமாக ஒரு வரி:

பாதம் நோகும் போதும் நீயே

தானந் தானந் தானந் தானா. ஒரு காலடிக்கு இரண்டு எழுத்து, மொத்தம் எட்டு. பாடிப் பாருங்கள், நடையே தளர்ந்த மாதிரி இருக்கும். உங்கள் வரியில் பதினொன்று. இப்போது கடைசி எழுத்தைத் தவிர எல்லாமே குறிலாக ஒரு வரி. 'மலைமிசை யுறைமுரு கனதடி தொழவே' என்று எழுதினேன், கணக்கு சரியாக வந்தது. ஆனால் தட்டிப் பாடினால் மூன்றாவது தட்டில் 'முருகனது அடி' உடைந்து 'கன தடி' என்று காதில் விழுகிறது. சுவாமியின் திருவடியைச் சொல்லும் இடத்தில் அப்படிக் கேட்கக் கூடாது. சந்தத்தில் சொல் நடுவில் உடைவது சகஜம், உடைந்த துண்டு வேறு பொருள் தராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கண்ணால் படித்தால் இது பிடிபடாது, வாய்விட்டுப் பாடினால்தான் தெரியும். மாற்றியது இது:

மலைமிசை யுறைபவ னிணையடி தொழவே

தனதன தனதன தனதன தனனா. பதினைந்து எழுத்து, அதே நான்கு காலடி. எட்டு எழுத்து வரிக்கும் இதற்கும் காலில் வித்தியாசமே இல்லை, பாட்டு மட்டும் பறக்கிறது.

இந்தக் குறில் வரியை இரண்டுக்கு மேல் அடுக்காதீர்கள். மூச்சு வாங்க இடமே கிடைக்காது. முடிவில் 'வே' என்று ஒரு நெடிலை வைத்ததே அதற்குத்தான், அங்கே கொஞ்சம் நின்று மூச்சு எடுக்கலாம். பழனியில் படி ஏறும்போது 'பாதம் நோகும்' மாதிரி வரிகளைப் பாடுங்கள். ஊர் எல்லைக்குள் நுழையும்போது, மேளம் சேரும்போது, குறில் வரியை எடுங்கள்.

இன்னொன்று. கூட்டம் எதிர்ப்பாட்டாக 'முருகா' என்று மட்டும் சொன்னால் அது ஒரு தட்டு. வரியோடு சேர்த்தால் ஐந்து தட்டு ஆகி, அடுத்த வரி எதிர்க் காலில் ஆரம்பிக்கும். 'வேல்வேல் முருகா' என்று வையுங்கள். நான்கும் நான்கும், இரண்டு தட்டு. வலது காலில் எடுத்த பாட்டு ஒவ்வொரு முறையும் வலது காலிலேயே எடுக்கும்.