போட்டோ மேல் மூலைமட்டம் வைத்தால் கிரேடியன்ட் எங்கே போகும்?

வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு படம்தான். நேற்று ராத்திரி என் தம்பி போனில் எடுத்து அனுப்பிய படம், இதோ திரையில் போடுகிறேன். வரைபடத் தாளில் கையால் வரைந்த கான்டூர் கோடுகள், அதாவது ஒவ்வொரு கோட்டின் மேலும் சார்பின் மதிப்பு ஒன்றேதான். ஒன்றுக்குள் ஒன்றாக நீள்வட்டங்கள், ஒவ்வொன்றின் மேலும் ஓர் எண். (2, 1) என்ற இடத்தில் P என்று ஒரு புள்ளி. சார்பின் சூத்திரம் கொடுக்கவில்லை. "P-யில் கிரேடியன்டை மதிப்பிடு, எந்தத் திசையில் போனால் மதிப்பு வேகமாக ஏறும்?" என்பதுதான் கேள்வி. மதிப்பு மிக வேகமாக ஏறும் திசையையும் அந்த வேகத்தையும் சேர்த்துச் சொல்லும் திசையன்தான் கிரேடியன்ட்.

அவன் விடையையும் கூடவே அனுப்பியிருந்தான்: "அக்கா, x அச்சிலிருந்து 77½ பாகை வருது, சரியா?"

சரியில்லை. ஆனால் அவன் செய்ததில் பாதி முறை சரி என்பதால்தான் இந்த வீடியோ.

முதலில் எண்களைப் பாருங்கள். உள்ளேயிருந்து 2, 4, அப்புறம் மங்கலாக ஒன்று, பிறகு P வழியாகப் போகும் கோடு, அதற்கு வெளியே 10, 12. மங்கலான எண் போட்டோவில் 6 போலவும் தெரிகிறது, 8 போலவும் தெரிகிறது. பெரிதாக்கினால் இன்னும் குழப்பம்தான். இந்த மாதிரி நேரத்தில் கண்ணை நம்பாமல் வரிசையை நம்ப வேண்டும். 2, 4 என்று இரண்டிரண்டாகப் போய் 10, 12 என்று முடிகிறது; நடுவில் இரண்டு கோடுகள். எனவே மங்கலானது 6, P இருப்பது 8. இதில் தவறினால் மேற்கொண்டு வரும் எல்லாமே தவறிவிடும். எண்கள் வெளியே போகப் போகக் கூடுவதால் ஏற்றம் வெளிப்பக்கம் என்பதும் இங்கேயே தெரிந்துவிட்டது. கோடுகள் நெருக்கமாக இருப்பதை வைத்துச் சரிவு எவ்வளவு என்று சொல்லலாம், ஆனால் எந்தப் பக்கம் ஏற்றம் என்பதை எண்தான் சொல்லும்.

இப்போது தம்பி செய்தது. கிரேடியன்ட் கான்டூருக்குச் செங்குத்து என்று படித்திருக்கிறான். P-யில் தொடுகோடு போட்டான், மூலைமட்டத்தை வைத்துச் செங்குத்துக் கோடு இழுத்தான், அது கட்டங்களில் எங்கே போகிறது என்று படித்தான். தாளில் செய்திருந்தால் முழு மதிப்பெண். அவன் செய்தது போட்டோவின் மேல்!

போனைச் சாய்த்துப் பிடித்துத்தான் படம் எடுத்திருக்கிறான். நம்பவில்லையென்றால் P-க்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு கட்டத்தை அளந்து பாருங்கள். தாளில் அது சதுரம். திரையில் நான் அளந்தபோது அகலம் 15 மில்லிமீட்டர், உயரம் 10 மில்லிமீட்டர். மேலும் கீழுமாகப் படம் நசுங்கியிருக்கிறது. நசுங்கிய படத்தில் தொடுகோடு தொடுகோடாகவே இருக்கும். ஆனால் செங்கோணம் செங்கோணமாக இருக்காது.

கணக்காகவே பார்ப்போம். P-யில் தொடுகோடு கட்டங்களில் இரண்டு அலகு வலப்பக்கம் போனால் ஓர் அலகு இறங்குகிறது. திரையில் அது 30 மில்லிமீட்டர் வலம், 10 மில்லிமீட்டர் கீழ். அதற்குத் திரையில் செங்குத்து என்றால் 10 வலம், 30 மேல். திரும்பக் கட்டக் கணக்குக்கு மாற்றினால் x-இல் 10/15, அதாவது 0.67, y-இல் 30/10, அதாவது 3. சாய்வு 4.5. தம்பி சொன்ன 77½ பாகை அங்கிருந்துதான் வந்தது.

சரி, எப்படிச் செய்வது? தொடுகோட்டின் சாய்வை அச்சு எண்களில் படியுங்கள்: −1/2. செங்குத்தின் சாய்வை அந்த எண்ணிலிருந்து கணக்குப் போடுங்கள்: 2. படத்தில் செங்குத்து வரையவே வேண்டாம். கோணம் 63.4 பாகை. கிட்டத்தட்ட 14 பாகை வித்தியாசம்.

கையால் போட்ட தொடுகோட்டை நான் முழுதாக நம்புவதில்லை. அதனால் எனக்கு இன்னொரு வழிதான் பிடிக்கும்; அதில் கிரேடியன்டின் அளவும் சேர்ந்தே கிடைக்கும். P வழியாகக் கிடைமட்டக் கட்டக்கோட்டிலேயே போங்கள். 6 என்ற கான்டூரை x = 1.4-இல் வெட்டுகிறது, 10-ஐ x = 2.45-இல். மதிப்பு 4 கூடியது, தூரம் 1.05. எனவே x-ஐப் பொறுத்த பகுதி வகைக்கெழு சுமார் 3.8. அடுத்து நிலைக்குத்துக் கட்டக்கோடு: 6-ஐ y = 0.7-இல், 10-ஐ y = 1.22-இல் வெட்டுகிறது. 4-ஐ 0.52-ஆல் வகுத்தால் 7.7. ஆக கிரேடியன்ட் (3.8, 7.7), அளவு சுமார் 8.6, கோணம் 63.7 பாகை. கட்டக்கோட்டின் எண்களை மட்டுமே படிப்பதால் படம் நசுங்கினாலும் சாய்ந்தாலும் கவலையில்லை. தூரத்துக் கட்டம் சின்னதாகத் தெரிந்தாலும் அதே கட்டத்தின் கோடுகளை வைத்துத்தானே படிக்கிறோம்.

ஏன் 6-இலிருந்து 10 வரை போனேன், 8-இலிருந்து 10 போதாதா என்று கேட்கலாம். ஒரு பக்கம் மட்டும் எடுத்தால் x-க்கு 2/0.45, அதாவது 4.4 வரும். மறுபக்கம் மட்டும் என்றால் 2/0.6, அதாவது 3.3. வெளியே போகப் போகச் சரிவு கூடுவதால் இந்த இழுபறி. இருபக்கமும் சேர்த்து எடுத்தால் பெரும்பகுதி சமன்படும், முழுவதும் இல்லை.

தாளின் பின்பக்கத்தில் சூத்திரம் இருந்ததாகத் தம்பி பிறகு சொன்னான், முன்னாலேயே சொல்லியிருக்கலாம்! f = x² + 4y². பகுதி வகைக்கெழுக்கள் 2x, 8y. P-யில் (4, 8), அளவு 8.94. நம் 8.6 கொஞ்சம் குறைவு, திசை கிட்டத்தட்ட அதேதான்.

நிறைய பேர் செய்யும் இன்னொரு தவறும் இந்தப் படத்திலேயே இருக்கிறது. நீள்வட்டத்தின் மையத்திலிருந்து P-க்குக் கோடு போட்டு, அதையே நீட்டி, இதுதான் ஏற்றம் என்பார்கள். வட்டமாக இருந்தால் சரி. இங்கே அந்தத் திசை 26.6 பாகை, அதில் ஏறும் வேகம் 7.16 மட்டுமே.

இதையெல்லாம் சொன்னதும் தம்பி கேட்டது நல்ல கேள்வி: "அக்கா, என் திசையில போனா ஏற்றம் எவ்வளவு?" போட்டுப் பார்த்தால் 8.68. உண்மையான உச்சம் 8.94, 14 பாகை தவறியும் இழப்பு 3 சதவீதம்தான்! ஏறும் வேகம் என்பது கிரேடியன்டின் அளவை, திசை விலகிய கோணத்தின் கோசைனால் பெருக்கியது; கோசைன் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் தட்டையாக இருப்பதால் அப்படி. மலை ஏறுகிறவனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

"அப்போ என் விடை ஓகேதானே?"

கேள்வியில் கேட்டது திசையடா.