டிராயிங் அப்ரூவலில் மூன்று வாரம் எங்கே போகிறது?

கேள்வி: "கட்டுமான ப்ராஜெக்ட்ல ஒரு டிராயிங் அப்ரூவல் ஆக மூணு வாரம் ஆகுது. யாரைக் கேட்டாலும் என்கிட்ட ரெண்டு நாள்தான் இருந்ததுன்னு சொல்றாங்க. லீன் முறையில இதை எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

சரி, முதலில் யாரிடமும் போய்க் கேட்க வேண்டாம். அப்ரூவல் முடிந்த பத்து டிராயிங்கை எடுத்து, ஒவ்வொன்றும் எந்த மேசைக்கு எப்போது வந்தது, எப்போது கிளம்பியது என்று மெயிலையும் இன்வர்ட் சீலையும் பார்த்து வரிசையாக எழுதுங்கள். அப்புறம், அந்த மேசையில் உண்மையில் எவ்வளவு நேரம் அதைப் பார்த்தார்கள் என்பதை மட்டும் ஆளிடம் கேளுங்கள். ஒரு டிராயிங்குக்கு எல்லா மேசையையும் கூட்டினால் வேலை நேரம் பெரும்பாலும் சில மணி நேரம்தான் வரும், மீதி எல்லாம் காத்திருப்பு.

இங்கே பலரும் தவறவிடும் இடம் ஒன்று இருக்கிறது, ரிவிஷன் நம்பர். ஒரு பீம் டிராயிங் R0 ஆக 4ஆம் தேதி போய் 11இல் திரும்புகிறது, R1 ஆக 14இல் போய் 20இல் திரும்புகிறது, R2 21இல் போய் 24இல் அப்ரூவ் ஆகிறது என்று வையுங்கள். டிராக்கர் ஷீட் ஒவ்வொரு ரிவிஷனுக்கும் கணக்கைப் புதிதாகத் தொடங்குவதால் 7, 6, 3 நாள் என்று அழகாகக் காட்டும். சைட்டில் கம்பி கட்டக் காத்திருக்கிறவருக்கு அது 20 நாள். நடுவில் நம்ம ஆபீஸிலேயே திருத்தத்துக்குக் கிடந்த 4 நாள் எந்த ஷீட்டிலும் வராது. அதனால் டிராயிங்குக்கு ஒரே கணக்கு, முதல் முறை அனுப்பியதிலிருந்து கடைசிக் கையெழுத்து வரை.

மறுவேலை எவ்வளவு என்று தெரிய, ஒவ்வொரு மேசையும் பத்தில் எத்தனையைத் திருப்பாமல் விட்டது என்று பாருங்கள். ஆர்க்கிடெக்ட் 8, ஸ்ட்ரக்சுரல் 7, சர்வீசஸ் 9 என்றால் தனித்தனியாகப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் 0.8, 0.7, 0.9 மூன்றையும் பெருக்கினால் 0.5, ஏறக்குறைய பாதி டிராயிங் முதல் சுற்றில் தேறாது. திருப்பிய காரணங்களைப் படித்தால் பெரும்பாலும் ஒன்றிரண்டுதான் திரும்பத் திரும்ப வரும், பைப் ஸ்லீவ் இடம் குறிக்கவில்லை என்கிற மாதிரி. அதை அனுப்பும் முன்பே பார்த்துவிடுங்கள், கடைசி மேசையில் இன்னொரு செக்கிங் சேர்க்காதீர்கள்.

கை மாறுவதில், பத்து ஃபைலில் ஒன்றைக்கூடத் திருப்பாமல், எதுவும் எழுதாமல் அப்படியே அடுத்தவருக்குத் தள்ளிவிடுகிற மேசை எது என்று பாருங்கள். தகவலுக்கு ஒரு காப்பி அவருக்குப் போதும். ஆனால் ஒப்பந்தமோ சட்டமோ கேட்கிற கையெழுத்தையும், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் சரிபார்ப்பதையும் எடுக்கவே கூடாது. அவற்றை வரிசையில் நிறுத்தாமல் ஒரே நேரத்தில் அனுப்பலாம், அப்படி அனுப்பினால் ஒருவர் குழாயை நகர்த்தச் சொல்லி இன்னொருவர் வேண்டாம் என்பார், ஆகவே எல்லாக் குறிப்பையும் சேர்த்து முடிவு சொல்ல ஒரே ஆளை முன்கூட்டியே வைத்துவிடுங்கள்.