ஊசி குத்திய இரவும் ஓர் அறிக்கைத் தாளும்

நேயர்களுக்கு வணக்கம். டெல்டா மாவட்டத்து மருத்துவமனை ஒன்றில் தொற்றுத் தடுப்புப் பிரிவுச் செவிலியராக வேலை பார்க்கிறேன். நோயாளிக்குப் போட்ட ஊசி, போட்டவர் கையிலேயே குத்திவிட்டால் ஓர் அறிக்கை எழுத வேண்டும். அது என் மேசைக்குத்தான் வரும். பெரும்பாலும் "ஊசி குத்தியது, முதலுதவி செய்யப்பட்டது" என்று ஒரே வரியில் இருக்கும். அதை வைத்துக்கொண்டு ஒரு மருத்துவரால் எந்த முடிவும் எடுக்க முடியாது. சரியாக எழுதப்பட்ட ஓர் அறிக்கையைப் பற்றி இன்று சொல்கிறேன். ஆட்களின் அடையாளம் தெரியாதபடி சொல்கிறேன்.

பொங்கல் முடிந்த வாரம், சம்பா அறுவடை நேரம். வயலில் கண்ணாடி விரியன் கடித்து ஒரு விவசாயத் தொழிலாளியை ராத்திரி கொண்டுவந்து சேர்த்தார்கள். விரியன் விஷம் ரத்தத்தை உறைய விடாது. அதனால் கொஞ்சம் ரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துப் பார்ப்போம். உறையவில்லை என்றால் விஷமுறிவு மருந்து ஏற்ற வேண்டும். சில மணி நேரம் கழித்து மறுபடியும் இதே சோதனை. அப்படி இரண்டாவது முறை ரத்தம் எடுத்துக் குழாயில் ஊற்றிவிட்டு, ஊசியைப் போட வார்டின் மறுகோடியில் இருந்த வெள்ளைப் பெட்டியை நோக்கி நடந்தார் அந்த இளம் ஸ்டாஃப் நர்ஸ். குறுக்கே வந்த உறவினர் ஒருவர் முழங்கையில் இடிக்க, ஊசி இடது ஆள்காட்டி விரலில் இறங்கிவிட்டது.

ரத்தத்தைப் பிதுக்கி வெளியேற்ற வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. எல்லோருக்கும் தோன்றும். பக்கத்தில் இருந்த மூத்த நர்ஸ், "பிதுக்காதம்மா, வா, கையைக் கழுவு" என்று குழாயடிக்குக் கூட்டிப் போனார். அதுதான் சரி. பிதுக்குவதால் நன்மை என்று நிரூபணம் எதுவும் இல்லை. விரலை வாயில் வைக்கக் கூடாது. ஸ்பிரிட்டோ பிளீச்சிங் தண்ணீரோ ஊற்றக் கூடாது. ஓடும் தண்ணீரும் சோப்பும் போதும்.

இப்போது அறிக்கைக்கு வருகிறேன். அதில் முதலில் இருந்தது நேரம். 'இரவு' என்று மட்டும் எழுதவில்லை. 'ஜனவரி 18, அதிகாலை 12.40 குத்தியது. 12.42 கழுவியது. 12.50 டூட்டி டாக்டரிடம் சொன்னது. 1.30 முதல் மாத்திரை' என்று இருந்தது. நள்ளிரவு தாண்டிய டூட்டியில் பலர் பழைய தேதியையே போட்டுவிடுவார்கள். ஒரு நாள் பிசகினால் எல்லாக் கணக்கும் பிசகும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தின் முதல் வேளையைக் கூடுமானவரை 2 மணி நேரத்துக்குள் விழுங்க வேண்டும். 72 மணி நேரம் தாண்டினால் தொடங்குவதில் பயனில்லை. ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமிக்கு எதிராக, தயார் நிலையில் உள்ள எதிர்ப்புப் பொருளையே உடலில் ஏற்றும் இம்யூனோகுளோபுலின் ஊசியை 24 மணி நேரத்துக்குள் போடுவது நல்லது. எல்லாமே அந்த 12.40-இலிருந்துதான் எண்ணப்படும்.

அடுத்தது, என்ன ஊசி, எப்படிக் குத்தியது. துளையுள்ள ஊசி, நரம்பிலிருந்து அப்போதுதான் எடுத்தது, கண்ணுக்குத் தெரியும்படி ரத்தம் இருந்தது, கையுறை போட்டிருந்தார், விரலில் ரத்தம் கசிந்தது. ஒவ்வொரு சொல்லும் ஆபத்தின் அளவைக் காட்டுகிறது. தையல் ஊசி திடமானது, அதில் ரத்தம் கொஞ்சமாகத்தான் ஒட்டும். துளையுள்ள ஊசிக்குள் ரத்தமே நிற்கும். கையுறை ஊசியைத் தடுக்காது. ஆனாலும் மேலே ஒட்டிய ரத்தத்தில் கொஞ்சத்தை வழித்துவிடும்.

பிறகு, ரத்தம் யாருடையது என்ற பகுதி. நோயாளியின் பெயர் அங்கே இல்லை, உள்நோயாளி எண் மட்டும்தான். அவருடைய ரத்தத்தைப் பரிசோதிக்க அவர் சம்மதிக்க வேண்டும். எச்.ஐ.வி. தொடர்பான 2017-ஆம் ஆண்டுச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. அவர் நல்ல நினைவோடு இருந்தார். டாக்டர் உட்கார்ந்து விளக்கியதும், "எடுத்துக்குங்கய்யா, அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாது" என்றார்.

அந்த முடிவுக்காக மாத்திரை காத்திருக்கவில்லை. டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, தினம் ஒன்றாக 28 நாள். முதல் மாத்திரையைக் கொடுத்துவிட்டுத்தான் சோதனை. நோயாளிக்கு எச்.ஐ.வி. இல்லை, ஹெபடைடிஸ் சி-யும் இல்லை என்று தெரிந்ததும் மாத்திரையை நிறுத்தச் சொன்னார் டாக்டர். ஹெபடைடிஸ் பி மட்டும் இருந்தது.

இங்கேதான் பலர் மூச்சு விட்டுவிடுகிறார்கள். எச்.ஐ.வி. இல்லையே, அது போதும் என்று. எனக்கு மிகவும் கவலை தருவது இந்த நிம்மதிதான். எச்.ஐ.வி. உள்ள ரத்தத்தோடு 1000 பேருக்கு ஊசி குத்தினால் சுமார் 3 பேருக்குத்தான் தொற்றும். ஹெபடைடிஸ் பி அப்படியில்லை. எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்களில் 100-க்கு 6 முதல் 30 பேர் வரை தொற்றலாம். "நான் படிக்கும்போதே மூன்று தடுப்பூசியும் போட்டுக்கொண்டேனே" என்றார் அந்த நர்ஸ். போட்டது உண்மை. அது வேலை செய்ததா என்று யாரும் பார்த்ததில்லை. ரத்தத்தில் எதிர்ப்புப் பொருளின் அளவு 10 யூனிட்டாவது இருக்க வேண்டும். அன்று காலை தஞ்சாவூருக்கு அனுப்பிய மாதிரியில் அது 4 என்று வந்தது.

அதனால் இம்யூனோகுளோபுலின் தேவைப்பட்டது. கிலோவுக்கு 0.06 மில்லி கணக்கில், 50 கிலோ எடையுள்ள அவருக்கு 3 மில்லி. எங்கள் பக்கத்துச் சிறிய மருத்துவமனைகளில் அது கையிருப்பில் இருக்காது. ஐஸ் பையில் வைத்துக் கும்பகோணத்திலிருந்து வாங்கி வந்து அன்று மாலை 6 மணிக்குப் போட்டார்கள். இன்னொரு கையில் புதிதாகத் தடுப்பூசியின் முதல் தவணை. அறிக்கையில் நேரம் தெளிவாக இருந்ததால்தான் யாரும் நாளைக்குப் பார்ப்போம் என்று சொல்லவில்லை.

அன்றைக்கே அந்த நர்ஸின் சொந்த ரத்தத்தையும் எடுத்துச் சோதித்து வைத்தார்கள். இது அவர்மேல் உள்ள சந்தேகத்தால் அல்ல. குத்திய நாளில் தொற்று இல்லை என்ற பதிவு இருந்தால்தான், பின்னால் வருவது வேலையில் வந்தது என்று நிலைநாட்ட முடியும். தொடர் கவனிப்பும் 'ஆறு மாதம் கழித்து' என்று எழுதப்படவில்லை, தேதி போட்டிருந்தது. பிப்ரவரி 18 இரண்டாவது தவணை, ஜூலை 18 மூன்றாவது தவணையும் ரத்தப் பரிசோதனையும், ஆகஸ்ட் கடைசியில் எதிர்ப்புப் பொருளின் அளவு. அதை முன்கூட்டிப் பார்த்தால், இம்யூனோகுளோபுலின் வழியாக வந்த எதிர்ப்புப் பொருளே தெரியும். தடுப்பூசி பிடித்தது என்று ஏமாந்துவிடுவோம்.

காரணம் என்ற கட்டத்தில் 'கவனக்குறைவு' என்று எழுதுவது வழக்கம். அதை நான் ஏற்பதில்லை. இவர் ஊசிக்கு மூடி போட முயலவில்லை, அலட்சியமாக எதுவும் செய்யவில்லை. 'வெள்ளைப் பெட்டி வார்டின் மறுகோடியில் இருந்தது' என்று எழுதியிருந்தார். இப்போது அந்த வார்டில் பெட்டி தள்ளுவண்டியிலேயே பொருத்தப்பட்டிருக்கிறது. படுக்கைக்குப் பக்கத்திலேயே ஊசி உள்ளே போய்விடுகிறது.

துப்புரவுப் பணியாளர்களையும் சொல்ல வேண்டும். குப்பைப் பையில் கிடக்கும் ஊசி குத்தினால் அது யார் ரத்தம் என்று தெரியாது. வேலை போய்விடுமோ என்று அவர்கள் சொல்லவும் மாட்டார்கள். எழுதத் தயங்குகிறவர் சொல்லச் சொல்ல, டூட்டி நர்ஸ் எழுதிக் கொடுக்கலாம். எந்த வார்டின் பை, என்ன நிறம், எத்தனை மணிக்கு என்பது தெரிந்தாலே டாக்டர் முடிவெடுக்க உதவும்.

அந்த விவசாயி பிழைத்து வீடு திரும்பினார். தனக்கு ஹெபடைடிஸ் பி இருப்பது அன்றுவரை அவருக்குத் தெரியாது. ஈரல் பரிசோதனைக்கு அவர் பெயரைத் தனியாகப் பதிந்து, மனைவி, பிள்ளைகளை வரவழைத்துச் சோதித்துத் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். ஆகஸ்ட் கடைசியில் நர்ஸின் அளவு 10-க்கு நன்றாகவே மேலே வந்தது. ஜூலையில் செய்த சோதனையிலும் தொற்று இல்லை. நன்றி, வணக்கம்.