பருவத் திட்ட அறிக்கையை 250 சொற்களுக்குள் கொண்டுவருவது எப்படி?

கேள்வி: "எங்கள் குழுவின் பருவத் திட்ட அறிக்கை 58 பக்கம். மாணவர் மாநாட்டுக்கு 250 சொற்களில் ஆய்வுச்சுருக்கம் கேட்கிறார்கள். ஒவ்வொரு அத்தியாயத்தையும் இரண்டிரண்டு வரியாகக் குறைத்துப் பார்த்தோம், அப்போதும் 600 சொல் வருகிறது. எதை வெட்டுவது?"

அத்தியாயவாரியாகக் குறைக்கத் தொடங்கியதுதான் சிக்கலுக்குக் காரணம். அறிக்கை என்பது நீங்கள் பருவம் முழுவதும் என்னென்ன செய்தீர்கள் என்று ஆசிரியருக்குக் கணக்குக் காட்டும் ஆவணம். ஆய்வுச்சுருக்கமோ நீங்கள் என்ன கண்டறிந்தீர்கள் என்று உங்களை அறியாத ஒருவருக்குச் சொல்லும் ஆவணம். ஆகவே அறிக்கையை மூடி வைத்துவிட்டு, "நாங்கள் கண்டறிந்தது இதுதான்" என்று ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள். அந்த வாக்கியத்தை நம்புவதற்கு ஒருவருக்கு எவையெல்லாம் தேவையோ அவை மட்டுமே உள்ளே வர வேண்டும்.

இதை ஓர் எடுத்துக்காட்டை வைத்துப் பார்ப்போம். இதில் வரும் எண்கள் விளக்கத்துக்காக நானே வைத்துக்கொண்டவை. சூரிய மின்தகட்டில் படியும் தூசி பற்றி ஒரு குழு ஆய்வு செய்திருக்கிறது என்று கொள்வோம். அறிக்கையில் ஒளிமின் விளைவு பற்றிப் பதினோரு பக்கம், அளவீடுகளைக் காட்டும் கைபேசிச் செயலி பற்றி ஓர் அத்தியாயம், சரியாக இயங்காமல் போன துடைப்பான் பொறிமுறை பற்றி இன்னோர் அத்தியாயம் உள்ளன. இவற்றுக்கு நடுவே, எங்கோ நாற்பதாம் பக்கத்தில் ஒரு வரைபடம் இருக்கிறது: சோதனையின் பத்தொன்பதாம் நாள் மழை பெய்தது, நாள்தோறும் துடைத்த தகட்டின் மின்திறனையும் துடைக்காத தகட்டின் மின்திறனையும் காட்டும் இரு கோடுகள் அதற்கு முந்தைய நாள் வரை விலகிக்கொண்டே வந்து, மழைக்குப் பின் மீண்டும் நெருங்கிவிட்டன. அந்த வரைபடம்தான் ஆய்வுச்சுருக்கம். செயலியும் துடைப்பானும் வெளியேற வேண்டியவை. செயலியை எழுதிய நண்பருக்கு இது வருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் ஆளுக்கு ஒரு வாக்கியம் என்று பங்கு பிரித்து எழுதப்பட்ட சுருக்கத்தை மதிப்பீட்டாளர் முதல் பார்வையிலேயே அடையாளம் கண்டுகொள்வார்.

இனி முதல் வாக்கியம். பெரும்பாலான மாணவர்கள் இப்படித் தொடங்குகிறார்கள்: "இன்றைய உலகில் ஆற்றல் தேவை நாளுக்கு நாள் அதிகரித்து வருவதால், புதுப்பிக்கத்தக்க ஆற்றல் மூலங்களின் பயன்பாடு இன்றியமையாததாகியுள்ளது." பதின்மூன்று சொற்கள் செலவாகிவிட்டன, தூசி என்ற சொல்கூட இன்னும் வரவில்லை. அதற்குப் பதிலாக இப்படி எழுதலாம்: "சூரியத் தகட்டின் மேல் படியும் தூசி மின்னுற்பத்தியைக் குறைக்கும் என்பது தெரிந்ததே, ஒரே ஒரு மழை அந்த இழப்பில் எவ்வளவை மீட்டுத் தருகிறது என்பதை இவ்வாய்வு அளந்தது." இருபது சொற்களில் பின்னணியும் ஆய்வுக் கேள்வியும் முடிந்துவிட்டன.

செய்முறைக்கு ஐம்பது, அறுபது சொற்களை ஒதுக்கலாம். கருவியின் வணிகப் பெயரும் மின்சுற்று விவரமும் இங்கே தேவையில்லை. ஒப்பீடு எப்படி நடந்தது என்பதே தேவை. "ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு 20 வாட் தகடுகள் அருகருகே ஒரே சாய்வில் நிறுத்தப்பட்டன, ஒன்று நாள்தோறும் துடைக்கப்பட்டது, மற்றொன்று 30 நாள் தொடப்படவில்லை, நண்பகலில் இரண்டின் மின்திறனும் ஒரே நேரத்தில் அளக்கப்பட்டது." இதையடுத்து, தொடக்க நாளில் இரண்டும் சுத்தமாக இருந்தபோது அவற்றுக்கிடையே 0.1 வாட் வேறுபாடு மட்டுமே இருந்தது என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். இந்த வரியைத்தான் பலரும் இடம் போதவில்லை என்று வெட்டிவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால், தகடுகளே முதலிலிருந்து வேறுபட்டவையாக இருந்தால் என்ன செய்வது என்ற கேள்வி எழும், முடிவு முழுவதும் ஆட்டம் கண்டுவிடும்.

மிகுந்த கவனம் வேண்டிய இடம் முடிவுப் பகுதி. ஏறத்தாழ நூறு சொற்களை அதற்கே கொடுங்கள். பதினெட்டாம் நாள் சுத்தமான தகடு 18.4 வாட், தூசி படிந்த தகடு 16.1 வாட், இழப்பு 12.5 விழுக்காடு. மழைக்கு மறுநாள் முறையே 18.0, 17.5 வாட், இழப்பு 2.8 விழுக்காடு. இப்போது இதை எப்படிச் சொல்வது? "மழையால் 78 விழுக்காடு முன்னேற்றம்" என்று ஒருவர் எழுதுவார். அவர் வாட் கணக்கில் 2.3 ஆக இருந்த இழப்பு 0.5 ஆகக் குறைந்ததைக் கணக்கிட்டிருக்கிறார். இன்னொருவர் "8.7 விழுக்காடு உயர்வு" என்பார், அவர் 16.1 வாட் 17.5 வாட்டாக ஏறியதைப் பார்க்கிறார். கணக்கு இரண்டிலும் பிழையில்லை. ஆனால் முதல் வாக்கியத்தைப் படிப்பவர் உற்பத்தியே 78 விழுக்காடு கூடியதாக நினைத்துக்கொள்வார். இரண்டாவது வாக்கியம், இரு நாள்களில் வெயில் ஒரே அளவில் இல்லை என்பதை மறைக்கிறது. சுத்தமான தகடே 18.4 வாட்டிலிருந்து 18.0 வாட்டுக்கு இறங்கியிருக்கிறதே! நீண்ட அறிக்கையில் பக்கத்திலேயே அட்டவணை இருப்பதால் இந்தக் குழப்பம் தானாகத் தீர்ந்துவிடும். சுருக்கத்தில் அட்டவணைக்கு இடமில்லை, எனவே விழுக்காடு எதன் மேல் கணக்கிடப்பட்டது என்பதை வாக்கியத்துக்குள்ளேயே வைக்க வேண்டும்: "சுத்தமான தகட்டோடு ஒப்பிடுகையில் இழப்பு 12.5 விழுக்காட்டிலிருந்து 2.8 விழுக்காடாகக் குறைந்தது." அதே நாளில் அதே வெயிலில் இருந்த தகட்டோடு ஒப்பிடுவதால் வெயிலின் ஏற்றத்தாழ்வு இங்கே பெரும்பாலும் கழிந்துவிடுகிறது.

"முடிவுகள் விரிவாக விவாதிக்கப்படும்" என்ற வாக்கியத்தை எங்கு கண்டாலும் நீக்கிவிடுங்கள். "குறிப்பிடத்தக்க அளவு" என்பதும் அப்படித்தான். எண் கையில் இருக்கும்போது அந்தச் சொற்களுக்கு வேலையில்லை.

வரம்பைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும்: ஒரே இணைத் தகடுகள், ஒரே இடம், ஒரே மழை. இதைச் சொன்னால் மதிப்பெண் குறையும் என்று அஞ்ச வேண்டாம். சொல்லாமல் விட்டுவிட்டு, "ஆகவே மழைக்காலத்தில் தகடுகளைத் துடைக்கத் தேவையில்லை" என்று முடித்தால்தான் சிக்கல். ஒரு மழையை வைத்துக்கொண்டு அந்த அளவுக்குப் போக முடியாது.

சொல் எண்ணிக்கை பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். தலைப்பு, ஆசிரியர் பெயர்கள், திறவுச்சொற்கள், மேற்கோள் பட்டியல் ஆகியவை 250க்குள் அடங்குமா என்பதை மாநாட்டின் அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். மாநாட்டுக்கு மாநாடு இது மாறும். எழுத்துச் செயலிகள் இடைவெளியை வைத்தே சொற்களை எண்ணுகின்றன, "12.5 விழுக்காடு" இரண்டு சொல், "12.5%" ஒரு சொல். தமிழில் எழுதி, பிறகு ஆங்கிலத்தில் அனுப்பப் போகிறீர்கள் என்றால், தமிழ் வரைவை 250 சொல்லில் நிறுத்தாதீர்கள். தமிழில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டிக்கொள்ளும், ஆங்கிலத்தில் அதுவே தனிச் சொல்லாக நிற்கும் என்பதால், மொழிபெயர்த்த பின் எண்ணிக்கை கணிசமாக ஏறிவிடும். தமிழ் வரைவு 170, 180 சொற்களுக்குள் இருந்தால் வெட்டும் வேலை குறையும்.

எழுதி முடித்ததும், உங்கள் திட்டத்தைப் பற்றி எதுவும் அறியாத வேறு துறை நண்பர் ஒருவரிடம் ஒருமுறை படிக்கக் கொடுத்து, தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு, என்ன கண்டறிந்தோம் என்று கேளுங்கள். "தூசியைப் பற்றி ஏதோ ஆய்வு செய்திருக்கிறீர்கள்" என்று அவர் சொன்னால், முடிவு வாக்கியம் இன்னும் எங்கோ நடுவில் புதைந்திருக்கிறது; அதை மேலே கொண்டுவந்து, அதற்கு இடம் தர வேறு எதையாவது வெட்டுங்கள்.