லைட் எரிகிறது, நெட் வரவில்லை: ரூட்டரில் வி-லேன் எண்ணைப் போடுவது எப்படி?

நேயர்களுக்கு வணக்கம்.

மடிப்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டை எடுத்துக்கொள்வோம். ஃபைபர் லைன் வந்து சேரும் வெள்ளைப் பெட்டி, அதாவது ஓ.என்.டி., சுவரில் இருக்கிறது. பழைய ரூட்டர் பழுதாகிவிட்டதால் ரிச்சி தெருவில் புதிய ரூட்டர் வாங்கி வந்து மாட்டுகிறார்கள். யூசர் நேம், பாஸ்வேர்ட் இரண்டையும் சரியாகவே போடுகிறார்கள். ஓ.என்.டி.யில் PON லைட் பச்சையாக நின்று எரிகிறது, LOS என்ற சிவப்பு லைட் எரியவில்லை. ரூட்டரின் இன்டர்நெட் போர்ட்டிலும் லைட் வருகிறது. ஆனாலும் நெட் மட்டும் வரவில்லை.

இந்த நிலையில் பெரும்பாலானவர்கள் பாஸ்வேர்டைத்தான் சந்தேகப்படுகிறார்கள். அதைத் திரும்பத் திரும்ப அடித்துப் பார்ப்பார்கள், கம்பெனிக்கு போன் செய்து மாற்றிக்கூட வாங்குவார்கள். கோளாறு அங்கேதான் இருக்கிறதா என்பதை ரூட்டரே சொல்லிவிடும். எங்கே பார்ப்பது என்று தெரிந்திருந்தால் போதும்.

யூசர் நேம், பாஸ்வேர்ட் கேட்கும் இணைப்புகளில் ரூட்டர் எடுத்த எடுப்பில் பாஸ்வேர்டை அனுப்புவதில்லை. முதலில் "இந்த லைனில் யாராவது இருக்கிறீர்களா?" என்று பொதுவாக ஒரு குரல் கொடுக்கிறது. கம்பெனியின் சர்வர் "நான் இருக்கிறேன்" என்று பதில் தந்த பிறகுதான் பாஸ்வேர்ட் பேச்சே தொடங்கும். பாஸ்வேர்ட் தப்பு என்றால் சர்வர் அதைப் பார்த்துவிட்டு மறுக்கும். ரூட்டரில் நடப்பவை பதிவாகும் லாக் பக்கத்தில் `authentication failed` என்பதுபோல் ஒரு வரி வரும். வி-லேன் எண், அதாவது இன்டர்நெட் போக்குவரத்துக்கு என்று கம்பெனி ஒதுக்கிய அடையாள எண், இல்லையென்றால் அந்த முதல் குரலுக்கே பதில் வராது. அப்போது லாக்கில் `Timeout waiting for PADO packets` என்றோ, பதில் வரவில்லை என்ற பொருளில் வேறொரு வரியோ இருக்கும். மறுப்பு வந்தால் பாஸ்வேர்டைப் பாருங்கள். மௌனம் வந்தால் வி-லேனைப் பாருங்கள்.

ஏன் இந்த மௌனம்? ஒரே ஃபைபரில் இன்டர்நெட், போன், டி.வி., கம்பெனி தன் பெட்டிகளைத் தூரத்திலிருந்து நிர்வகிக்கும் வழி என்று பல போக்குவரத்துகள் ஓடுகின்றன. அவற்றைப் பிரித்து அனுப்ப, ஒவ்வொரு தரவுப் பொட்டலத்திலும் 4 பைட் நீளத்தில் ஓர் அடையாளம் சேர்க்கிறார்கள். அதற்குள் 1 முதல் 4094 வரை ஏதாவது ஓர் எண் இருக்கும், அதுதான் வி-லேன் எண். இன்டர்நெட்டுக்கு என்று கம்பெனி ஒதுக்கிய எண் இல்லாமல் போகும் பொட்டலத்தை எதிர்முனைக் கருவி சத்தமில்லாமல் தள்ளிவிடும். அதனால்தான் பிழைச் செய்தி எதுவும் நமக்கு வருவதில்லை.

இனி, எண்ணை எங்கே போட வேண்டும் என்ற கேள்வி. பலரும் இடறுவது இங்கேதான். அந்த எண்ணை ஓ.என்.டி.யே சேர்க்கலாம், அல்லது ரூட்டர் சேர்க்கலாம். இரண்டில் ஒன்றுதான் சேர்க்க வேண்டும். ஓ.என்.டி. தானே லாகின் செய்யாமல் லைனை ரூட்டருக்குக் கடத்திவிடும் பிரிட்ஜ் முறையில் இருந்து, எண்ணை அதுவே போட்டுக்கொண்டிருக்கும்போது ரூட்டரிலும் போட்டால் இரட்டை அடையாளத்தோடு போய், அல்லது ஓ.என்.டி.யிலேயே தடுக்கப்பட்டு, மறுபடியும் அதே மௌனம்தான்.

எது சேர்க்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கிறது. ரூட்டரைக் கழற்றிவிட்டு, விண்டோஸ் லேப்டாப்பை நேராக ஓ.என்.டி.யின் லேன் போர்ட்டில் கேபிளால் இணையுங்கள். விண்டோஸில் பிராட்பேண்ட் இணைப்பு ஒன்றை உருவாக்கி அதே யூசர் நேம், பாஸ்வேர்டைக் கொடுங்கள். நாம் தனியாக அமைக்காதவரை லேப்டாப் எந்த எண்ணும் சேர்க்காது. இணைந்துவிட்டால் ஓ.என்.டி.யே பார்த்துக்கொள்கிறது, ரூட்டரில் வி-லேன் கட்டத்தைக் காலியாக விடுங்கள். 691 என்ற பிழை வந்தாலும் லைன் பேசுகிறது, பாஸ்வேர்டில்தான் தகராறு என்று பொருள். 651 வந்தால் பெரும்பாலும் பதிலே இல்லை என்று பொருள். அப்போது எண்ணை ரூட்டரில் போட்டுப் பார்க்க வேண்டும். சோதனைக்கு முன் ஓ.என்.டி.யை ஐந்து நிமிடம் அணைத்து வையுங்கள். முந்தைய இணைப்பைச் சர்வர் சிறிது நேரம் பிடித்து வைத்திருந்தால் முடிவு தப்பாகத் தெரியும்.

எண் எங்கே கிடைக்கும்? பழைய ரூட்டர் உயிரோடு இருந்தால், ரீசெட் செய்வதற்கு முன்பே, `WAN` என்று குறித்திருக்கும் அதன் வெளி இணைப்புப் பக்கத்தை, அதாவது வேன் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சில பெட்டிகளில் இணைப்பின் பெயரிலேயே `1_INTERNET_R_VID_245` என்பதுபோல் எழுதியிருக்கும். கடைசியில் வரும் 245தான் நமக்கு வேண்டிய எண். இந்த 245 நான் உதாரணத்துக்குச் சொல்வது, உங்கள் எண் வேறாக இருக்கும். அதே பக்கத்தில் போனுக்கும் நிர்வாகத்துக்கும் வேறு எண்கள் இருக்கலாம், INTERNET என்ற பெயரோடு இருப்பதை மட்டும் எடுங்கள். பழைய பெட்டி இல்லையென்றால் கம்பெனியிடமோ லைன்மேனிடமோ "இன்டர்நெட் வி-லேன் ஐ.டி. என்ன?" என்று இதே சொற்களில் கேளுங்கள். வேறு வீட்டில் வேலை செய்த எண்ணை நம்பி எடுக்க வேண்டாம். ஒரே கம்பெனியிலும் பகுதிக்குப் பகுதி எண் மாறலாம்.

இப்போது ரூட்டர். இந்தக் கட்டம் எல்லா ரூட்டரிலும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. பல டி.பி.-லிங்க் ரூட்டர்களில் அது வேன் பக்கத்தில் இல்லை, `IPTV/VLAN` என்ற பக்கத்தில் இருக்கிறது. வீட்டில் ஐ.பி. டி.வி. இல்லாதவர்கள் அந்தப் பக்கத்தைத் திறப்பதே இல்லை என்பதுதான் வருத்தம். அங்கே அதை இயக்கி, `Mode` என்பதில் `Custom` தேர்ந்தெடுங்கள். `Internet VLAN ID` கட்டத்தில் 245 என்று போட்டு, பக்கத்தில் இருக்கும் `802.1Q Tag` என்பதை டிக் செய்யுங்கள். எண்ணைப் போட்டுவிட்டு டிக்கை மறந்தால், எண் இல்லாமலேதான் பொட்டலம் போகும். முன்னுரிமை என்ற கட்டத்தில் கம்பெனி சொல்லாதவரை 0 இருக்கட்டும். கீழே உள்ள லேன் போர்ட்கள் எல்லாம் `Internet` என்றே இருக்க வேண்டும். அசுஸ் ரூட்டரில் லேன் பகுதியில் உள்ள `IPTV` பக்கத்தில், கைமுறை அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் இன்டர்நெட்டுக்கான `VID` கட்டம் வரும்.

சேமித்து ரூட்டர் மறுபடி எழுந்ததும் லாக்கைப் பாருங்கள். இப்போது `authentication failed` என்று வந்தால் மனம் தளர வேண்டாம், எண் சரியாகிவிட்டது, சர்வர் பேசத் தொடங்கிவிட்டது, இனி பாஸ்வேர்டைத் திருத்தினால் போதும். வேன் பக்கத்தில் ஐ.பி. முகவரி வந்துவிட்டால் வேலை முடிந்தது. 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கும் முகவரி வந்தாலும் கவலை இல்லை. கம்பெனி ஒரே வெளி முகவரியைப் பலருக்குப் பகிர்ந்து கொடுக்கும்போது அப்படித்தான் வரும்.

இணைப்பு வந்த பிறகு ஒரு பொட்டலத்தின் உச்ச அளவான எம்.டி.யு.வையும் குறைக்க வேண்டுமோ என்று சிலர் நினைக்கிறார்கள். வேண்டாம். பாஸ்வேர்ட் இணைப்பு முறை 8 பைட் எடுத்துக்கொள்வதால் 1500 என்ற அளவு 1492 ஆகிறது. வி-லேனின் 4 பைட் அந்தக் கணக்கில் சேராது, 1492 அப்படியே இருக்கட்டும்.

ரூட்டரில் இந்தக் கட்டமே இல்லையென்றால், ஓ.என்.டி.யிலேயே எண்ணைச் சேர்த்துத் தரும்படி கம்பெனியிடம் கேட்பதுதான் எளிது. அவர்கள் மறுத்தால், வி-லேன் அமைக்க வசதியுள்ள 5 போர்ட் ஸ்மார்ட் சுவிட்ச் ஒன்றை நடுவில் வைக்கலாம். ஓ.என்.டி. வரும் போர்ட்டை 245-க்கு `Tagged` என்றும், ரூட்டர் போகும் போர்ட்டை `Untagged` என்றும் அமைத்து, எண் இல்லாமல் உள்ளே வரும் பொட்டலத்துக்குச் சேர்க்க வேண்டிய எண்ணைக் குறிக்கும் ரூட்டர் போர்ட்டின் `PVID` கட்டத்தில் 245 போடுங்கள். இந்த `PVID` விடுபட்டால் வெளியிலிருந்து வருவது ரூட்டருக்கு வந்து சேரும், ரூட்டரிலிருந்து போவது மட்டும் சரியான எண் இல்லாததால் கம்பெனியைச் சென்றடையாது.