ராகிக் கூழ்: கால்சியத்துக்கு எவ்வளவு நம்பலாம், இரும்புக்கு எவ்வளவு?

[திரையில்: வெள்ளைத் துணியில் ராகிப் பால் பிழியும் கை]

ஊறவச்சு அரைச்ச ராகியைத் துணியில போட்டுப் பிழியிறாங்க. கீழே பால் மாதிரி இறங்குது. துணியில தங்குற செம்பழுப்புச் சக்கை மாட்டுத் தொட்டிக்குப் போகுது. கைக்குழந்தை இருக்குற வீடுகள்ல காலங்காலமா நடக்குறதுதான். ஆனா ராகியோட கால்சியத்துல நல்ல பங்கு அந்த மேல்தோல்லதான் இருக்கு. "கால்சியத்துக்காகத்தான் ராகி கொடுக்கிறேன்"னு சொல்லிட்டே அதைப் பிழிஞ்சு வெளியே போடுறோம்.

ஆறு மாசம் முடிஞ்சு, முதல் சில வாரம் வடிகட்டிக் கொடுக்குறதுல தப்பில்ல, குழந்தைக்குப் பழகணும். பழகினதும் நைசா அரைச்ச முழு மாவுக்கு மாறிடுங்க.

[திரையில்: 364 மி.கி.]

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல வெளியிட்ட உணவு அட்டவணைப்படி 100 கிராம் ராகியில 364 மில்லிகிராம் கால்சியம். அதே அளவு அரிசியில பத்துகூடத் தேறாது. தானியங்கள்ல ராகியை அடிச்சுக்க ஆளில்லதான். ஆனா 100 கிராம் மாவை ஒரே வேளையில யார் சாப்பிடுறோம்?

ஒன்றரை வயசுக் குழந்தைக்கு ஒரு சின்னக் கிண்ணம் கூழ் காய்ச்சுறோம்னு வச்சுக்குவோம். குவியாம ரெண்டு மேசைக்கரண்டி, சுமார் 20 கிராம் மாவு. மிச்சமெல்லாம் தண்ணி. அதுல கால்சியம் 73 மில்லிகிராம். அந்த வயசுக்கு ஒரு நாளைக்குத் தேவை 500. அதாவது ஏழுல ஒரு பங்கு. ஒரு 150 மில்லி டம்ளர் பசும்பால்ல 175 கிட்ட இருக்கு. ராகி கொடுக்குறதால பாலை நிறுத்திடலாம்னு ஒரு பேச்சு உண்டு, கணக்கு அதுக்கு இடம் கொடுக்கல.

பெரியவங்க ஒரு சொம்பு கூழுக்கு 50 கிராம் மாவு போட்டா 180 மில்லிகிராம் வரும். தேவை 1000. ஐந்துல ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. தயிரோ மோரோ ஊத்திக் கரைச்சுக் குடிச்சா இன்னும் ஏறும். பால் பிடிக்காதவங்களுக்கு இந்த 180 சின்ன விஷயமில்ல. ஆனா எழுதியிருக்குற அத்தனையும் உடம்புல ஒட்டாது. ராகியில இருக்குற பைட்டிக் அமிலம் கால்சியத்தைப் பிடிச்சு வச்சுக்கும்.

[திரையில்: மூடிய பானையில் புளித்த கூழ்]

அந்தப் பிடியைத் தளர்த்த நம்ம ஆளுங்க எப்பவோ வழி வச்சிருக்காங்க: முளைகட்டுறது, ராத்திரி புளிக்க வைக்குறது. முளைகட்டின மாவுல இன்னொரு லாபமும் இருக்கு. முளைக்கும்போது வர்ற நொதி மாவுச்சத்தை உடைக்கிறதால கஞ்சி கெட்டியாகாம இளகும். அப்போ அதே கிண்ணத்துல கூடுதலா மாவு போடலாம். சின்ன வயிறுக்கு இது பெரிய விஷயம்.

[திரையில்: 4.6 மி.கி.]

இப்போ இரும்பு. இங்கதான் ராகிக்குத் தகுதிக்கு மீறின பேரு. 100 கிராம்ல 4.6 மில்லிகிராம்தான். கம்புல இதைவிட அதிகம். நம்ம ஒன்றரை வயசுக் கிண்ணத்துல ஒரு மில்லிகிராம்கூட இல்ல, தேவையோ 8. அம்மாவோட சொம்புல 2.3, அவங்களுக்குத் தேவை 29. அந்தக் கொஞ்சத்துலயும் ரத்தத்துல சேர்றது சொற்பம். பைட்டிக் அமிலத்தோட, ராகிக்கு அந்தச் செந்நிறம் கொடுக்குற பாலிபீனால்களும் குறுக்கே நிக்கும். நாம ஆசையா ஊத்துற தயிர், பால்ல இருக்குற கால்சியமும் இரும்பைத் தடுக்கும். கால்சியத்துக்கு நல்லதா இருக்குற அதே சேர்க்கை இரும்புக்கு உதவாது.

அதனால காலையில மோர்க்கூழ் குடிச்சா அதைக் கால்சியக் கணக்குல எழுதிட்டு, இரும்பை மதியச் சாப்பாட்டுல தேடுங்க. ஈரல், கறி, மீன். சைவம்னா பருப்பு, கீரையோட எலுமிச்சம்பழமோ நெல்லிக்காயோ. சாப்பிட்ட கையோட டீ வேண்டாம், ஒரு மணி நேரம் தள்ளிக் குடிங்க.

[திரையில்: கீழிமையை இழுத்துப் பார்க்கும் விரல்]

கீழிமையோட உள்பக்கம் வெளுத்திருக்கு, குழந்தை மண்ணோ பல்பமோ தின்னுது, விளையாடப் போகாம சோர்ந்து உட்காருதுன்னா, கூழைக் கூட்டிப் பார்த்து மாசத்தை ஓட்டாதீங்க. ஹீமோகுளோபின் பரிசோதனை பண்ணுங்க. ரத்தசோகை வராம இருக்க அரசுத் திட்டத்துல ஆறு மாசத்துல இருந்து ஐந்து வயசு வரைக்கும் வாரம் ரெண்டு தடவை கொடுக்குற சிரப்புல, ஒரு மில்லியில 20 மில்லிகிராம் இரும்பு இருக்கு. அந்த 20-ஐ ராகியில இருந்து எடுக்கணும்னா நானூறு கிராமுக்கு மேல மாவு வேணும், நம்ம குழந்தையோட கிண்ணத்துல இருபதுக்கும் மேல. அரசு சிரப்பு வராம காக்குறதுக்கு. ஏற்கெனவே ரத்தசோகை இருந்தா அளவை டாக்டர்தான் சொல்லணும்.