தலையை இறுக்கும் தலையிடி

நேயர்களுக்கு வணக்கம்.

கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு நாள்தோறும் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும் ஓர் இளைஞர் அண்மையில் என்னிடம் வந்திருந்தார். அவருக்குத் தலையிடி. காலையில் வீட்டை விட்டுப் புறப்படும்போது ஒன்றுமில்லை. களுவாஞ்சிக்குடியைத் தாண்டும்போது நெற்றியின் நடுவில் ஒரு கனம் தெரியும். கிரான்குளம் வரும்போது அது வலியாகிவிடும். கல்லடிப் பாலத்தில் வாகன நெரிசல் இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார். அலுவலகத்துக்குப் போய் ஒரு தேநீர் குடித்து, கோப்பைத் திறந்து வைக்கும் நேரத்தில் வலி எங்கே போனதென்றே தெரியாது. மாலையில் வீடு திரும்பும்போது அதே கதை.

வெயில்தான் காரணம் என்று வீட்டில் சொன்னார்கள். கண்ணைச் சோதித்து மூக்குக்கண்ணாடியையும் மாற்றிவிட்டார். கடைசியில், "மூளைக்குள் ஏதாவது இருக்குமோ டொக்டர், ஸ்கான் எடுப்போமா?" என்று கேட்டார். நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "தம்பி, ஞாயிற்றுக்கிழமையில் தலையிடிக்கிறதா?" சற்று யோசித்துவிட்டு, இல்லை என்றார். "சரி, வெளியே சைக்கிளில் மாட்டியிருக்கும் ஹெல்மெட்டை எடுத்து வாருங்கள்" என்றேன்.

அதைத் தலையில் போட்டுக்கொண்டு இருபது நிமிடம் வெளி வாங்கில் உட்காரச் சொன்னேன். பிறகு கழற்றிப் பார்த்தால், நெற்றியின் நடுவில், மயிர் தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே, இரண்டு விரல் அகலத்தில் சிவந்த ஒரு தடம். அதன்மேல் விரலை வைத்து மெதுவாக அழுத்தியதும், "அதேதான், அந்த வலிதான்" என்றார். அதே ஹெல்மெட்டைத் திரும்பப் போட்டுப் பார்த்தபோது, காதுக்கு மேலே இரண்டு பக்கமும் என் சுண்டுவிரல் தாராளமாக உள்ளே போனது. முன்னாலும் பின்னாலும் இறுக்கம், பக்கங்களில் இடைவெளி. அவருடைய தலை முன்பின்னாக நீண்டது. ஹெல்மெட்டோ வட்டமானது.

இதை மருத்துவத்தில் வெளி அழுத்தத் தலையிடி என்று தனியாகவே வகைப்படுத்தியிருக்கிறார்கள். தலையிடிகளுக்கான சர்வதேச வகைப்பாட்டின் 2018ஆம் ஆண்டுப் பதிப்பில் இதற்கு நான்கு அடையாளங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன. இரண்டு தடவையாவது வந்திருக்க வேண்டும். நெற்றியையோ தலைத்தோலையோ ஏதாவது தொடர்ந்து அழுத்திக்கொண்டிருக்கும்போது, ஒரு மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும். எந்த இடம் அழுத்தப்படுகிறதோ அந்த இடத்தில்தான் வலி அதிகமாக இருக்க வேண்டும். அழுத்தம் நீங்கிய ஒரு மணித்தியாலத்துக்குள் வலி போய்விட வேண்டும். அந்த இளைஞருக்கு நான்கும் பொருந்தின. ஸ்கான் எடுக்கவில்லை.

மூளைக்கு வலி தெரியாது. அதன் மேலே இருக்கும் தோலுக்கும் எலும்பை மூடிய மெல்லிய உறைக்கும் நன்றாகவே தெரியும். வானொலியைக் கேட்டுக்கொண்டிருக்கும் நீங்கள் இப்போதே உங்கள் புருவத்தைத் தொட்டுப் பாருங்கள். மூக்கிலிருந்து வெளிப்பக்கமாக விரலை நகர்த்தினால், புருவ எலும்பின் விளிம்பில் ஒரு சிறு பள்ளம் தட்டுப்படும். பலருக்கு அந்த இடத்தை அழுத்தினால் கூசும். நெற்றிக்கு உணர்வைக் கொடுக்கும் நரம்பு அந்த இடத்தால்தான் வெளியே வந்து, எலும்புக்கும் தோலுக்கும் இடையில் மேலே ஏறிப் போகிறது. பின்மண்டையிலும் அதேபோல, நடுவில் இருக்கும் மேட்டுக்கு இரண்டு பக்கமும் கழுத்திலிருந்து ஏறிவரும் நரம்புகள் இருக்கின்றன. அடியில் கெட்டியான எலும்பு, மேலே இறுக்கமான ஹெல்மெட், நடுவில் அகப்பட்ட நரம்பு. சிறிது நேரம் பொறுத்துக்கொள்ளும், பிறகு முறையிடத் தொடங்கும்.

இனி, அந்த இளைஞர் என்ன செய்தார் என்பதற்கு வருகிறேன். என்னிடம் வருவதற்கு முன்பே, தன்பாட்டில் ஓர் அளவு பெரிய ஹெல்மெட்டை ஒரு நண்பரிடம் இரவல் வாங்கிப் போட்டிருக்கிறார். வலி குறைந்தது. ஆனால் தலையைத் திருப்பும்போது ஹெல்மெட் தனியாகத் திரும்பியது. இது ஆபத்து. விழுந்தால் தலையோடு நிற்காத ஹெல்மெட் பொலிசாருக்குக் காட்டத்தான் உதவும். தளர்வாக இருக்கிறதா என்று அறிய ஒரு வழி இருக்கிறது. நாடிப்பட்டியை மாட்டிக்கொண்டு, ஹெல்மெட்டின் பின் விளிம்பைப் பிடித்து மேலே, முன்னால் தள்ளிப் பாருங்கள். கழன்று கண்ணுக்கு மேலே வந்துவிட்டால் அது உங்களுக்கு உரியதல்ல. நாடிப்பட்டியைத் தொங்கவிட்டுக்கொண்டு ஓட்டுவதும் தலையிடிக்கு மருந்தல்ல. அழுத்துவது நெற்றியை, தளர்த்துவது நாடியை என்றால் என்ன பயன்?

இன்னொரு வேலையும் நம்மூரில் நடக்கிறது. ஹெல்மெட்டின் உள்ளே துணிக்கும் பஞ்சுக்கும் பின்னால் கெட்டியான வெள்ளை நுரை ஒன்று இருக்கிறது, நாம் ரெஜிபோம் என்கிறோமே, அந்த வகை. அழுத்தும் இடத்தில் அதைக் கரண்டிக்காம்பால் நசுக்கியோ கத்தியால் சுரண்டியோ இடம் எடுக்கிறார்கள். அடி விழும்போது தான் நசுங்கி, தலையை நசுங்கவிடாமல் காப்பது அந்த நுரைதான். அதில் ஒருபோதும் கைவைக்காதீர்கள். கழற்றிக் கழுவக்கூடிய பஞ்சு உறை இருந்தால், அது சுருண்டோ மடிந்தோ இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சில வேளை நெற்றிப் பக்கத்துத் தையல் மடிந்து நிற்பதே முழுப் பிரச்சினையாக இருக்கும்.

அவருக்கு வேண்டியது பெரிய ஹெல்மெட் அல்ல, வேறு வடிவ ஹெல்மெட். தையற்கடை நாடாவைப் புருவத்துக்கு மேலே ஓர் அங்குலத்தில் வைத்து, பின்மண்டையில் மிகவும் புடைத்த இடத்தைச் சுற்றி அளந்தோம். 58 சென்ரிமீற்றர். ஹெல்மெட்டின் உள்ளே ஒட்டியிருக்கும் அளவும் அதுதான். அதாவது அளவு சரி, வடிவம் பிழை. கடையில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். தலை முழுவதையும் சமமாகப் பற்றிக்கொள்ள வேண்டும், கன்னச்சதை சிறிது அழுந்த வேண்டும், ஆனால் ஓர் இடத்தில் மட்டும் குத்தக்கூடாது. போட்டவுடன் கழற்றிக் காசு கொடுக்காமல், கால் மணி நேரமாவது போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. கழற்றியதும் கண்ணாடியில் நெற்றியைப் பார்க்க வேண்டும். பரவலான இலேசான சிவப்பு இருக்கலாம். ஒரு புள்ளியில் ஆழமான தடம் இருந்தால் அது வேண்டாம். புதிய உறைப் பஞ்சு பாவிக்கப் பாவிக்கச் சற்று அமுங்கும் என்பது உண்மை. அமுங்குவது சிறிதளவுதான். கடையில் குத்துவது வீட்டிலும் குத்தும்.

சம்பளம் வந்து புதியது வாங்கும்வரை, வழியில் ஒரு தடவை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றி இரண்டு மூன்று நிமிடம் நிற்கச் சொன்னேன். கனம் தெரியத் தொடங்கியவுடனேயே கழற்ற வேண்டும், வலி முற்றிய பிறகு அல்ல. இன்னொன்றையும் நிறுத்தச் சொன்னேன். வேலை நாட்களிலெல்லாம் புறப்படும் முன்பே ஒரு பரசிற்றமோல் போட்டுக்கொள்ளும் பழக்கம் அவருக்கு இருந்தது. ஏற்கெனவே தலையிடி உள்ளவர்கள் மாதத்தில் பதினைந்து நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களைத் தாண்டியும் இப்படி வலிமாத்திரை எடுத்தால், மாத்திரையே இன்னொரு தலையிடியைக் கொண்டுவரக்கூடும். அந்தத் தலையிடி ஹெல்மெட்டைக் கழற்றினால் போகாது.

பின்னால் அமர்ந்து போகும் பெண்களுக்கு அழுத்தம் பெரும்பாலும் ஹெல்மெட்டால் வருவதில்லை, அதன் அடியில் இருப்பதால் வருகிறது. கொண்டை, பெரிய கிளிப், பர்தாவின் ஊசி, சால்வையின் தடித்த மடிப்பு இவற்றுக்கு மேல் ஹெல்மெட்டை அழுத்திப் போட்டால், பின்மண்டை நரம்பில் நேரே போய்க் குத்தும். ஹெல்மெட்டும் சரியாக இறங்காது. மயிரைக் கழுத்தடியில் தளர்வாகப் பின்னி வெளியே விடலாம். ஊசியை நாடிக்குக் கீழே மாற்றலாம். மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் முதலில் ஹெல்மெட், பிறகு கண்ணாடி என்ற ஒழுங்கில் போட்டால், கண்ணாடியின் கால் காதுக்கு மேலே நசுங்காது.

மயிரை இறுக்கிக் கட்டுவதால் வருவது இதன் உடன்பிறப்பு. அங்கே அழுத்தம் இல்லை, இழுவை. வலி இழுபடும் இடத்தில் தொடங்கினாலும் நெற்றிக்கும் கன்னப்பொட்டுக்கும் பரவும். 2004இல் வெளியான ஓர் ஆய்வில், குதிரைவால் கட்டும் 93 பெண்களிடம் விசாரித்தபோது 50 பேர் அதனால் தலையிடி வருவதாகச் சொன்னார்கள். நம் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் காலையில் அம்மா இரட்டைப் பின்னல் போட்டுவிடுகிறார், பிற்பகல் தனியார் வகுப்பு முடியும்வரை அது அவிழ்வதில்லை. பிள்ளை தலையிடி என்றால் படிக்கக் கள்ளம் என்கிறோம். புருவம் மேலே இழுபட்டு நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். பின்னலை உச்சியில் தொடங்காமல் காதுக்குக் கீழே தொடங்குங்கள். மெல்லிய ரப்பர் வளையத்துக்குப் பதிலாகத் துணி சுற்றிய அகலமான வளையம் போடுங்கள். பாடசாலை விட்டு வந்ததும் அவிழ்த்துவிடுங்கள். நெற்றியோரத்தில் மயிர் குறைந்துகொண்டு வந்தால், இழுவை வேரையும் பாதிக்கிறது என்று அர்த்தம்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. மைகிரேன் எனப்படும் ஒற்றைத் தலையிடி உள்ளவர்களுக்கு, தலையிடி வரும் நாளில் சீப்பு பட்டாலும் நோகும், கட்டிய மயிரும் நோகும். அவர்கள் கட்டினதால் வலித்தது என்று நினைப்பார்கள். எது முதலில் வந்தது என்பதைக் கவனியுங்கள். அவிழ்த்த பிறகும் பல மணித்தியாலம் வலி நின்று, குமட்டலும் வெளிச்சக் கூச்சமும் சேர்ந்தால் அது பெரும்பாலும் மைகிரேன். இறுக்கம் அதைத் தூண்டிவிட்டிருக்கலாம், அவ்வளவுதான்.

நீச்சல் கண்ணாடிக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாசிக்குடாவில் பிள்ளைகள் தண்ணீர் உள்ளே வருகிறதென்று பட்டியை இன்னும் இன்னும் இறுக்குவதைப் பார்க்கிறோம். தண்ணீரைத் தடுப்பது பட்டி அல்ல, விளிம்பு. பட்டியைத் தலையில் மாட்டாமல் கண்ணில் வைத்து மெதுவாக அழுத்திக் கையை எடுங்கள். ஓரிரண்டு விநாடியாவது ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அது அந்த முகத்துக்குப் பொருந்தாது, எவ்வளவு இறுக்கினாலும் புருவப் பள்ளத்து நரம்புதான் நசுங்கும். பொருந்தினால் பட்டி விழாமல் பிடித்தால் போதும்.

கடைசியாக, எந்த வலிக்கான பழியை மயிர்க்கட்டின்மேலும் ஹெல்மெட்டின்மேலும் போடக்கூடாது என்பதைச் சொல்கிறேன். கழற்றி ஒரு மணித்தியாலம் கடந்தும் போகாத வலியை வைத்தியரிடம் காட்டுங்கள். இடி விழுந்ததுபோல் திடீரென்று வந்த கடும் வலி, காய்ச்சலும் கழுத்து விறைப்பும் சேர்ந்த வலி, தலையில் அடிபட்ட பிறகு வந்த வலி, கை கால் பலவீனம், இரட்டைப் பார்வை, இவற்றுக்கு உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். நெற்றியின் ஒரு பக்கம் மட்டும் எரிந்து, இரண்டு மூன்று நாளில் கொப்புளம் போட்டால் அது அக்கி. கண்ணுக்கருகில் என்றால் தாமதிக்கக்கூடாது. ஐம்பது வயதைத் தாண்டியவருக்குப் புதிதாகத் தலையிடி வந்து, சீப்பு பட்டால் கன்னப்பொட்டு நோகிறது, சோறு மெல்லும்போது தாடை நோகிறது என்றால், அது தலை இரத்தக்குழாயின் அழற்சியாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை தாமதித்தால் பார்வையே போகக்கூடும். அவரைத் தலைமுடி வெட்டிப் பார்க்கவோ தொப்பியை மாற்றிப் பார்க்கவோ விடாமல், அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள்.

நன்றி, வணக்கம்.